‘மற்றவை மாறாதிருக்க’ என்று எழுதும்போது நேரும் தவறுகள்

மதுரைக் கல்லூரி ஒன்றில் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளை மதிப்பிட உட்கார்ந்திருந்தேன். வீட்டு வாடகையைப் பற்றி எழுதியிருந்த மாணவி, “வீட்டின் பரப்பு மாறாதிருக்க, பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் தள்ளிப் போகும்போதும் வாடகை குறைகிறது” என்று வாசித்தார். “உன் பட்டியலில் ஒரே பரப்புள்ள வீடுகள் எத்தனை இருக்கின்றன அம்மா?” என்று கேட்டேன். பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஒன்றுகூட இல்லை சார்” என்றார். அப்படியானால் மாறாமல் இருந்தது எது? அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. குறை அவருடையது அல்ல. இந்தச் சொற்றொடரை மனப்பாடமாகவே கற்றுத் தருகிறோம், அதன் பின்னால் நடக்கும் கணக்கைக் காட்டுவதில்லை.

அன்று கரும்பலகையில் போட்டுக் காட்டிய ஐந்து வீடுகளை இங்கேயும் வைக்கிறேன். கணக்கு எளிதாக வரவேண்டும் என்று நானே அமைத்துக்கொண்ட எண்கள் இவை, மதுரையின் உண்மை வாடகை அல்ல. பரப்பு முறையே 400, 600, 800, 1000, 1200 சதுர அடி. தூரம் 3, 2, 6, 10, 9 கிலோமீட்டர். வாடகை 5,700, 7,900, 7,800, 7,900, 10,700 ரூபாய். இரண்டாவது வீடு ஆரப்பாளையம் பக்கம் என்றும் நான்காவது நாகமலை புதுக்கோட்டை பக்கம் என்றும் நினைத்துக்கொள்ளலாம்.

வாடகையைத் தூரத்தோடு மட்டும் பொருத்தினால், கிலோமீட்டருக்கு 300 ரூபாய் கூடுகிறது என்று வருகிறது. ஊரை விட்டுத் தள்ளிப் போனால் வாடகை ஏறுமா? தள்ளி இருக்கும் வீடுகள் பெரியவை என்பதுதான் விஷயம். பரப்பையும் சேர்த்துப் பன்முகத் தொடர்புப் போக்காகக் கணக்கிட்டால், கிலோமீட்டருக்கு 500 ரூபாய் குறைகிறது என்று குறி மாறிவிடுகிறது.

அந்த 500 எங்கிருந்து வந்தது என்பதைக் கையாலேயே பார்த்துவிடலாம். முதலில் தூரத்தைப் பரப்போடு பொருத்துங்கள். நூறு சதுர அடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கோடு கிடைக்கும். அந்தப் பரப்புக்கு எதிர்பார்க்கக்கூடிய தூரம் 2, 4, 6, 8, 10. உண்மைத் தூரத்திலிருந்து இதைக் கழித்தால் மிச்சம் 1, −2, 0, 2, −1. ஆரப்பாளையம் வீடு அதன் பரப்புக்கு எதிர்பார்த்ததைவிட 2 கிலோமீட்டர் அருகில் இருக்கிறது என்பது அந்த −2-இன் பொருள். அடுத்து வாடகையையும் இதே போலப் பரப்போடு பொருத்துங்கள். எதிர்பார்க்கும் வாடகை 6,000, 7,000, 8,000, 9,000, 10,000. மிச்சம் −300, 900, −200, −1,100, 700. இப்போது இரண்டு மிச்சங்களையும் வீட்டுக்கு வீடு பெருக்கிக் கூட்டினால் −5,000. தூர மிச்சங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 10. வகுத்தால் −500. தோராயமாக அல்ல, அச்சு அசலாக அதே எண். R மென்பொருளில் நீங்களே சரிபார்க்கலாம்:

```r
parappu <- c(400, 600, 800, 1000, 1200)
thooram <- c(3, 2, 6, 10, 9)
vadagai <- c(5700, 7900, 7800, 7900, 10700)
lm(vadagai ~ thooram + parappu)
lm(resid(lm(vadagai ~ parappu)) ~ resid(lm(thooram ~ parappu)))
```

பொருளியலாளர்கள் ஃபிரிஷ், வாஃப் இருவரும் 1933-இல் காட்டி, 1963-இல் லவெல் விரிவாக்கிய தேற்றம் இது. எந்த வீட்டின் பரப்பையும் யாரும் பிடித்து நிறுத்தவில்லை. பரப்பைக் கொண்டு ஊகிக்க முடிந்த பகுதியை இரண்டு பக்கத்திலிருந்தும் கழித்துவிட்டு, மீந்ததை மீந்ததோடு ஒப்பிடுகிறோம். ‘மாறாதிருக்க’ என்ற சொல்லுக்கு அடியில் இருப்பது இந்தக் கழித்தல்தான்.

இதைப் புரிந்துகொண்டவர்களும் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு: கழிப்பதை ஒரு பக்கம் மட்டும் செய்வது. “வாடகையிலிருந்து பரப்பின் பங்கை நீக்கிவிட்டேன், இனி அதைத் தூரத்தோடு பொருத்துகிறேன்” என்று எழுதிய ஆய்வேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நம் ஐந்து வீடுகளில் செய்து பாருங்கள். பெருக்கற்பலன்களின் கூட்டுத்தொகை அதே −5,000 தான். ஆனால் வகுக்கும் எண் 10 அல்ல. கழிக்கப்படாத தூரத்தின் சராசரி விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகையான 50. ஆகவே விடை −100. தூரத்தின் விளைவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. தூரத்துக்குள் பரப்பின் சாயல் இன்னும் ஒளிந்திருப்பதே காரணம். மறுதலையாக, தூரத்தில் மட்டும் கழித்துவிட்டு வாடகையை அப்படியே விட்டால் சாய்வு சரியாகவே −500 வரும். ஆனால் பரப்பால் வரும் ஏற்ற இறக்கமெல்லாம் பிழையாக எண்ணப்பட்டு, திட்டப்பிழை ஊதிப் பெருத்துவிடும். இரண்டு பக்கமும் கழிப்பதே பாதுகாப்பு.

அப்படிக் கழித்தாலும் திட்டப்பிழையில் ஒரு சிறு பொறி இருக்கிறது. மிச்சங்களை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு, பரப்புக்காக ஏற்கெனவே ஒரு கெழுவை மதிப்பிட்டுவிட்டோம் என்பது தெரியாது. ஐந்திலிருந்து மூன்றைக் கழிக்க வேண்டிய இடத்தில் இரண்டை மட்டும் கழிக்கும். அதனால் 84 ரூபாயாக இருக்க வேண்டிய திட்டப்பிழை 68 என்று காட்டும். சாய்வை மிச்சங்களிலிருந்து விளக்குங்கள், திட்டப்பிழையை முழு மாதிரியிலிருந்து எடுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படும் தவறு, கழித்த பிறகு எவ்வளவு மீந்தது என்று பார்க்காமல் விடுவது. தூரத்தில் மொத்தம் 50 அளவு சிதறல் இருந்தது, மீந்தது 10. மற்றதெல்லாம் பரப்போடு போய்விட்டது. அந்தப் பத்திலும் எட்டு, ஆரப்பாளையம் வீடும் நாகமலை வீடும் கொடுத்தவை. மூன்றாவது வீட்டின் தூர மிச்சம் சுழி. அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுக் கணக்கிட்டாலும் −500 அசையாது. தூரத்தைப் பற்றி அந்த வீடு நமக்கு ஒன்றுமே சொல்லவில்லை. ஆரப்பாளையம் வீட்டை எடுத்தால் −567. நாகமலை வீட்டை எடுத்தால் −433. ஐந்து வீடுகளை ஆராய்ந்ததாக எழுதுகிறோம், விடையைத் தாங்கி நிற்பவை இரண்டு. ஐந்நூறு வீடுகள் உள்ள பட்டியலிலும் இப்படி நடக்கும். ஆகவே அட்டவணையோடு நிற்காமல், மிச்சத்துக்கு எதிரே மிச்சத்தை வைத்து ஒரு படம் வரையச் சொல்கிறேன். புள்ளிகள் நடுக்கோட்டருகே குவிந்து, இரண்டு மூன்று மட்டும் ஓரத்தில் நின்றால், அந்த வீடுகளின் கதையைத் தனியே விசாரிக்க வேண்டும்.

கழிக்கப்படுவது நேர்கோடு மட்டுமே என்பதையும் மறந்துவிடுகிறோம். சிறிய வீட்டில் கூடும் நூறு சதுர அடிக்கும் பெரிய வீட்டில் கூடும் நூறு சதுர அடிக்கும் வாடகை ஒரே அளவில் ஏறாவிட்டால், வளைந்த பகுதி கழிபடாமல் மிச்சத்திலேயே தங்கும். தூர மிச்சமும் அதே பக்கம் வளைந்திருந்தால், பரப்பின் வேலையைத் தூரத்தின் பெயரில் எழுதிவிடுவோம். மிச்சங்களைப் பரப்புக்கு எதிரே வரைந்து பார்த்தால் இந்த வளைவு கண்ணில் படும். நம் எண்களிலும் தூர மிச்சம் பரப்போடு முதலில் இறங்கி, ஏறி, மீண்டும் இறங்குகிறது. ஐந்து புள்ளிகளை வைத்து அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியாது.

அந்த மாணவி தன் வாக்கியத்தை அங்கேயே திருத்தி எழுதினார்: “பரப்புக்கு எதிர்பார்த்ததைவிட ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டின் வாடகை, அதே பரப்புக்கு எதிர்பார்த்ததைவிடச் சராசரியாக இத்தனை ரூபாய் குறைவு.” முன்பு எழுதியதைவிட நீளம்தான். பிறகு, மிச்சப் படத்தின் ஓரத்தில் நின்ற நான்கு வீடுகளைத் தேடிப் பட்டியலைத் திறந்தார்.