சிசிஐஇ லேப்: பல பேர் சறுக்கும் இடங்கள்

சிஸ்கோவின் சிசிஐஇ எண்டர்பிரைஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் சான்றிதழுக்கு இரண்டு படிகள். முதலில் 350-401 என்ற கோர் தேர்வு. இரண்டு மணி நேரம் நடக்கும் இதில் பெரும்பாலும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். அப்புறம் 8 மணி நேர லேப். முதல் படியைத் தாண்டிய பழக்கத்தோடேயே இரண்டாவதற்கும் படிப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு.

கோர் தேர்வில் எங்கே கோளாறு என்பதைக் கேள்வியே காட்டிக்கொடுத்துவிடும். லேபில் ரவுட்டரோடு வேலை செய்யும் பகுதியில் அப்படி யாரும் கேள்வி கேட்பதில்லை. காலையில் நன்றாக ஓடியதை மதியம் நீங்களே உடைத்துவிட்டாலும் சொல்ல ஆள் கிடையாது. பாதி மதிப்பெண்ணும் இல்லை. ஒரு டாஸ்க்கில் கேட்ட அத்தனையும் சரியாக இருந்தால்தான் அதன் புள்ளிகள் கிடைக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். R1, R2 இரண்டுக்கும் நடுவே சேவை நிறுவனத்தின் ரவுட்டர். அடியில் ஓடுவது ஓஎஸ்பிஎஃப். மேலே ஒரு ஜிஆர்இ டனல். இரு முனைகளும் லூப்பேக் முகவரிகள், 10.255.0.1 மற்றும் 10.255.0.2. டனல் எழுந்துவிட்டது, அந்த டாஸ்க் முடிந்தது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு டாஸ்க், டனல் வழியாக இஐஜிஆர்பி ஓட்டச் சொல்கிறது. அவசரத்தில் R2-இல் இப்படி அடிக்கிறீர்கள்:

```
router eigrp 100
 network 10.0.0.0
```

இந்த ஒரு வரி 10 என்று தொடங்கும் எல்லா இன்டர்ஃபேஸையும் இழுத்துப்போடும், லூப்பேக் உட்பட. இப்போது R1-க்கு 10.255.0.2-க்கான வழி டனலுக்குள்ளிருந்தே வருகிறது. இஐஜிஆர்பியின் டிஸ்டன்ஸ் 90, ஓஎஸ்பிஎஃப்பின் டிஸ்டன்ஸ் 110, குறைந்தது ஜெயிக்கும். டனலின் மறுமுனைக்குப் போக டனலையே பயன்படுத்த வேண்டிய நிலை வந்ததும், ரவுட்டர் டனலை இறக்கிவிடும்:

```
%TUN-5-RECURDOWN: Tunnel0 temporarily disabled due to recursive routing
```

டனல் இறங்கினால் இஐஜிஆர்பி வழி போய்விடும், ஓஎஸ்பிஎஃப் வழி திரும்பும், டனல் மறுபடி எழும், மறுபடி விழும். இந்தச் செய்தி வருவது R1-இல். நீங்கள் R2-இன் திரையில் இருந்தால் உங்கள் கண்ணில் படாது. கொடுமை என்னவென்றால், டனல் எழுந்திருக்கும் நேரத்தில் `show ip eigrp neighbors` அடித்தால் அண்டை ரவுட்டர் பட்டியலில் இருக்கும். "வந்துருச்சு" என்று அடுத்த டாஸ்க்குக்குப் போய்விடுவோம். பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல் Uptime பத்தியையும் பார்க்க வேண்டும். நீண்ட நேரம் ஓடியிருக்க வேண்டிய உறவு சில நொடிகளையே காட்டினால் ஏதோ விழுந்து எழுகிறது. திருத்தம் சுலபம், டனலையும் உள் நெட்வொர்க்கையும் மட்டும் குறிப்பிட்டால் போதும்:

```
router eigrp 100
 no network 10.0.0.0
 network 10.100.0.0 0.0.0.255
 network 10.1.2.0 0.0.0.255
```

இதே விவகாரம் கோர் தேர்வில் வந்தால் அந்த லாக் வரியைக் கொடுத்துக் காரணம் கேட்பார்கள், அரை நிமிட வேலை. லேபில் இதனால் பழைய டாஸ்க், புதிய டாஸ்க் இரண்டின் புள்ளிகளும் போகும். அதனால் கடைசி முக்கால் மணி நேரத்தைப் புது வேலைக்கு ஒதுக்காதீர்கள் என்பேன். அந்த நேரத்தில் முதல் டாஸ்க்கிலிருந்து ஒவ்வொன்றையும் மறுபடி சோதியுங்கள். ஒரு டாஸ்க்கை முடிக்காமல் விட்டால் அதோடு போகும், முடித்த நாலு டாஸ்க் உடைந்து கிடந்தால் நஷ்டம் அதிகம்.

அடுத்த சறுக்கல் டிசைன் மாடியூல். எட்டு மணி நேரத்தில் முதல் மூன்று மணி நேரம் இதற்குத்தான். ரவுட்டரே கிடையாது, மின்னஞ்சல்கள், வரைபடங்கள், ஒரு நிறுவனத்தின் தேவைகள் ஆகியவற்றைப் படித்து முடிவெடுக்க வேண்டும். விடை கொடுத்துவிட்டால் திரும்பிப் போய் மாற்ற முடியாது. கமாண்ட் மட்டுமே பழகியவர்கள் இதை வாம்-அப் என்று நினைக்கிறார்கள். ஆனால் மொத்த மதிப்பெண் மட்டும் போதாது. இதிலும், அடுத்த ஐந்து மணி நேர மாடியூலிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சத்தைத் தொட்டாக வேண்டும்.

கடைசியாகத் தேதி. "முதல் தடவை சும்மா போய்ப் பார்ப்போம்" என்பவர்கள் நிறைய. கட்டணமே ஆயிரம் டாலருக்கு மேல். பெங்களூர் மையத்துக்கே போனாலும் ரயில், தங்கும் செலவு தனி. ஒத்திகையை வீட்டில் முடிப்பதே மேல். இடைவெளி அதிகம் விடாமல் முழு எட்டு மணி நேர லேபை நேரத்துக்குள் முடித்து, சோதிக்கவும் நேரம் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். தொடர்ந்து சில தடவை மிஞ்சினால் தேதி எடுக்கலாம். இன்னொரு பக்கம், தள்ளிக்கொண்டே போகவும் முடியாது, கோர் தேர்வின் தேர்ச்சி மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். தோற்றால் உடனே மறுபடி எழுதவும் விடமாட்டார்கள், கட்டாய இடைவெளி உண்டு. ஆகவே முதல் தேதியை அந்த மூன்றாண்டின் நுனியில் வைக்காமல், இரண்டாவது முயற்சிக்கு இடம் விட்டு வையுங்கள்.