சேலை கிட்டத்தட்டச் சரியாக வந்துவிட்டதா? அழிக்காமல் ஒவ்வொன்றாகத் திருத்துங்கள்

வெள்ளவத்தையில் கடை கடையாக ஏறி இறங்குவதற்கு முன்னாலேயே, தன் படம் ஒன்றை ஏஐ செயலியில் போட்டு, எந்தச் சேலை தனக்கு எடுக்கும் என்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இப்போது நிறைய. முதல் தடவை வரும் படம் பெரும்பாலும் முக்கால்வாசி சரியாகவே இருக்கும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கரை கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது என்பதற்காக முழு விவரத்தையும் நீட்டி எழுதித் திரும்ப அனுப்புவார்கள், கரை சரியாகும், ஆனால் சேலையின் நிறமும் நின்ற விதமும் வேறாகிவிடும், பிறகு அதைத் திருத்தப் போய் இன்னொன்று போகும்.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் மீதி எல்லாம் சுலபம். இடத்தைக் குறித்துக் காட்டாமல் எழுத்தில் மட்டும் திருத்தம் சொன்னால், பல செயலிகள் அந்த இடத்தை மட்டும் தொடுவதில்லை, முழுப் படத்தையும் திரும்பவும் உருவாக்குகின்றன. நீங்கள் எதுவும் சொல்லாத இடங்கள்கூட லேசாக மாறலாம். ஆகவே நீங்கள் அனுப்பும் திருத்தம் குறுகியதாக இருக்க வேண்டும், எது மாற வேண்டும் என்பதோடு எது மாறக்கூடாது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். சுடிதாரோடு வீட்டு வாசலில் நேராக நின்று எடுத்த படம், ஒரு கையில் கைக்கடிகாரம் கட்டியிருக்கிறது. முதலில் கேட்டது இது:

"இந்தப் படத்தில் இருப்பவருக்குக் கரும்பச்சைப் பட்டுச் சேலை உடுத்திக் காட்டு. மெரூன் கரை, மெரூன் சட்டை, சட்டைக்கை முழங்கை வரை."

வந்த படத்தில் சேலையின் பச்சை அருமை, கொசுவமும் நன்றாக விழுந்திருக்கிறது. ஆனால் சட்டைக்கை தோளுக்குக் கீழேயே முடிந்துவிட்டது, கரை மிகவும் அகலம், கேட்காத ஒரு பெரிய மாலை கழுத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது, முகம் ஓரளவு வெளுத்தும் போயிருக்கிறது.

உடனே எழுதத் தொடங்காதீர்கள். முதலில் அந்தப் படத்தைச் சேமித்துவிட்டு, நீங்கள் கொடுத்த படத்தையும் வந்ததையும் மாறி மாறித் திறந்து, பெரிதாக்கி முகம், விரல்கள், கழுத்து, கரை என்று மேலிருந்து கீழ் வரை பாருங்கள். பிழைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம், ஆனால் அவ்வளவையும் ஒரே செய்தியில் அனுப்பக்கூடாது. நாலைந்து திருத்தத்தைச் சேர்த்துக் கேட்டால் இரண்டு நடக்கும், இரண்டு நடக்காது, எதனால் எது குழம்பியது என்றும் பிடிபடாது.

முந்தானை தவறான தோளில் விழுந்திருந்தால் அதைத் திருத்துவதற்கு முன்னால் நீங்கள் கொடுத்த படத்தைப் பாருங்கள். வழமையாக முந்தானை உடுத்துபவரின் இடது தோளில் வரும், ஆனால் முன் கமராவில் எடுத்த செல்பி சில போன்களில் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறிப் பதிவாகும். பின்னால் கடைப் பலகை ஏதாவது இருந்தால் அதன் எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அப்படியென்றால் மூலப்படத்தைத் திருப்பிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதே நல்லது.

சரி, இப்போது எதை முதலில் தொடுவது? என் கணிப்பில் முகமும் தோல் நிறமும்தான். அது மாறிப்போன படத்தின்மேல் மற்ற வேலைகளைச் செய்தால் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் விலகிப் போகும், கடைசியில் சேலை அழகாக இருக்கும், உடுத்தியிருப்பது நீங்களாக இருக்காது. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பொருந்தும் பச்சை வேறு, வெளுத்த முகத்துக்குப் பொருந்துவது வேறு என்பதால் நிறம் தேர்வதே இங்கே பிழைத்துவிடும். மூலப்படத்தைத் திரும்ப இணைத்து இப்படிக் கேளுங்கள்:

"முகமும் தோல் நிறமும் இணைத்த படத்தில் உள்ளபடியே இருக்கட்டும். சேலையை மாற்றாதே."

அது சரியானதும் அடுத்தது வடிவம், அதாவது சட்டைக்கை. "கொஞ்சம் நீளமாக்கு" என்றால் எவ்வளவு என்று செயலிக்குத் தெரியாது, "பத்து அங்குலம்" என்றாலும் பயனில்லை, ஏனென்றால் படத்துக்குள் அளவுநாடா கிடையாது. உடம்பில் கண்ணுக்குத் தெரியும் ஓர் இடத்தைச் சொல்லுங்கள்:

"இரண்டு சட்டைக்கையும் முழங்கை மடிப்பில் முடியட்டும். மற்றதெல்லாம் அப்படியே."

ஒரு பக்கம் மட்டும் நீண்டு மற்றப் பக்கம் குட்டையாகவே நின்றால், இடது வலது என்று சொல்வதைவிட "கைக்கடிகாரம் கட்டிய கைப் பக்கம்" என்று சொல்வது நல்லது. படத்தைப் பார்ப்பவரின் இடமா, உடுத்தியவரின் இடமா என்ற குழப்பம் அதில் வராது.

அப்புறம் கரை. "கரையின் அகலம் அவரது உள்ளங்கையின் அகலத்தில் பாதியாக இருக்கட்டும், நிறமும் மடிப்பும் அப்படியே." ஒரே தடவையில் சரியாக வராவிட்டால் அதே சொல்லைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டாம். கரை சரியாக இல்லாத அந்தப் புதிய படத்தின்மேல் தொடர்ந்து திருத்துவதைவிட, முந்திய நல்ல படத்துக்குத் திரும்பிப் போய் வேறு விதமாகக் கேட்க வேண்டும். "இப்போது இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அகலமான ஒற்றைக் கரை" என்று கேட்டுப் பார்க்கலாம். இதற்காகத்தான் ஒவ்வொரு நல்ல படத்தையும் உடனே சேமிக்கச் சொல்கிறேன். திருத்தம் மேல் திருத்தமாகப் போகும்போது படம் மெல்ல மங்கும், சரிகையின் நுணுக்கம் கூழாகும், தோல் மெழுகு பூசியதுபோல வழவழப்பாகும். அதைக் கண்டால் நிறுத்திவிட்டு, இதுவரை பழகிய சொற்களை எல்லாம் சேர்த்து மூலப்படத்திலிருந்து ஒரே தடவையில் புதிதாகக் கேளுங்கள். அந்தக் கட்டத்தில் மட்டும் நீளமான விவரம் கைகொடுக்கும், ஏனென்றால் எது எப்படி வேண்டும் என்று இப்போது உங்களுக்கே துல்லியமாகத் தெரியும்.

கடைசியாக மாலை. "மாலை வேண்டாம்" என்று எழுதினால் சில வேளை மாலை போகும், சில வேளை வேறொரு மாலை வரும். என்ன வேண்டாம் என்பதைவிட அந்த இடத்தில் என்ன தெரிய வேண்டும் என்று சொல்வது கூடுதலாகப் பலிக்கிறது: "கழுத்தில் ஒரு மெல்லிய தங்கச் சங்கிலி மட்டும்." செயலியில் தூரிகையால் இடத்தைக் குறிக்கும் வசதி இருந்தால் கழுத்தை மட்டும் குறித்துவிட்டு இதைக் கேளுங்கள், சேலைக்கு ஆபத்துக் குறைவு.

இவ்வளவும் முடிந்து வரும் படத்தைக் காலி வீதிக் கடையிலோ புறக்கோட்டையிலோ காட்டும்போது, நிறம், கரையின் அகலம், சட்டைக்கையின் நீளம் ஆகிய மூன்றையும் விளக்க அது போதும். சரிகையில் தெரியும் பூவேலை செயலி கற்பனை செய்தது, அதே பூ உள்ள சேலையைத் தேடி அலைய வேண்டாம். பச்சையும் போன் திரையில் ஒரு மாதிரி, கடை வெளிச்சத்தில் ஒரு மாதிரி தெரியும், ஆகவே துணியை வாசல் பக்கம் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு எடுங்கள். தையல் அக்காவிடம் படத்தோடு உங்கள் அளவுச் சட்டையையும் கொடுக்க வேண்டும், படத்தை வைத்து அளவு எடுக்க முடியாது.