இருமல் மருந்து எடுக்குமுன் கேட்க வேண்டியது

பார்மசியில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், "இருமல்" என்ற சொல் காதில் விழுந்ததும் அலமாரிப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். கேள்வி கேட்பவர்களும் ஒரு கேள்வியைத் தப்பாகவே கேட்கிறார்கள்.

யாருக்கு என்று கேட்காமல் விடுவது

முகப்பில் நிற்பவரே நோயாளி என்று எண்ண வேண்டாம்.

"வேறு மருந்து சாப்பிடுறீங்களா?"

இப்படிக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அது பொய்யல்ல. தோட்டத்து ஆட்களுக்கு மருந்து என்பது காய்ச்சலுக்கும் வலிக்கும் போடுவது. அரசாங்க கிளினிக்கில் வாங்கி தினமும் போடும் பிரஷர் மாத்திரை அந்தக் கணக்கில் சேராது.

சுங்கை சிப்புட் போன்ற ஊரில் ஓர் அக்கா வந்து, வீட்டுக்காரருக்கு இருமல் மருந்து கேட்கிறார் என்று வையுங்கள். அவருக்கு வயது 58, செம்பனைத் தோட்டத்தில் வேலை. பத்து நாளாக வறட்டு இருமல், இரவில் தொண்டை அரிக்கிறது. சளி, காய்ச்சல், மூச்சுத்திணறல் எதுவுமில்லை. "பிரஷர், இனிப்புநீர் இருக்கா? கிளினிக்குக் கடைசியா எப்போ போனார்? மாத்திரை ஏதும் மாத்தினாங்களா?" என்று கேளுங்கள். போன மாதம் புதிதாக ஒன்று கொடுத்தார்கள் என்பார். அட்டையைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொன்னால், பெரிண்டோபிரில் 4 மி.கி.

'பிரில்' என்று முடியும் பிரஷர் மாத்திரைகள், பிராடிகைனின் என்ற பொருள் உடலில் சிதையாமல் தடுக்கின்றன. அது சேர்ந்துபோய் இருமலைத் தூண்டுகிறது. மாத்திரை தொடங்கிய சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். எந்த சிரப்பும் இதை நிறுத்தாது. தூக்கம் வரவைக்கும் சிரப் குடித்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் கலந்ததைக் கொடுத்தால் பிரஷர் இன்னும் ஏறும். மூன்று போத்தல் விற்ற பிறகும் மாத்திரையைப் பற்றி யாரும் கேட்காமலிருப்பதுதான் எரிச்சல்.

மாத்திரையை நிறுத்தச் சொல்வது

சொல்லாதீர்கள். மாத்திரையின் பெயர், தொடங்கிய தேதி, இருமல் தொடங்கிய தேதி மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதி, அந்த வாரமே கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் லொசார்டான் போன்ற வேறு வகைக்கு மாற்றுவார்கள். மாற்றிய மறுநாளே இருமல் நிற்காது. ஒன்றிலிருந்து நான்கு வாரம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேலே. உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் கிளினிக் திறக்கக் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரி.

இரண்டு வாரம் தாண்டிய இருமல்

எந்த மாத்திரை போட்டாலும் சரி, காசநோய்க்குச் சளிப் பரிசோதனை.

பழைய அட்டை

மருந்து மாறியதும் வீட்டில் மிஞ்சியிருக்கும் பெரிண்டோபிரிலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். வீணாகக் கூடாதென்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், இரத்தத்தில் பொட்டாசியமும் ஏறலாம்.