முளைக்கும் விதையைக் கிளறாமல் பார்க்க ஒரு வழி

திருகோணமலை உப்புவெளியில், பாடசாலைச் செயற்பாட்டுக்காக யோகட் கோப்பையில் பயிற்றை விதை ஊன்றிய சிறுவன் ஒருவன், "அம்மம்மா, இன்னும் முளைக்கேல்லையே" என்று காலையும் மாலையும் மண்ணைக் கிளறிப் பார்த்தான். பார்த்த கையோடு தண்ணீரும் ஊற்றினான். சில நாட்களில் விதை கொழகொழத்து நாற்றமெடுத்தது. அடியில் துளையில்லாத கோப்பையில் தண்ணீர் தேங்கினால், விதை காற்றின்றி அழுகிவிடும். அழுகாமல் தப்பினாலும், முதலில் வெளிவரும் மெல்லிய வேர் கிளறும்போது முறிந்துவிடும்.

அழுத பிள்ளைக்கு அம்மம்மா வேறு வழி காட்டினார். புதிய விதையை இரவு முழுவதும் ஊறவைத்து, கண்ணாடித் தம்ளருக்குள், பிழிந்தெடுத்த ஈரப் பஞ்சை அடைத்து, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் இடையில் விதையைச் செருகி, "கை வைக்காதே ராசா, வெளியிலிருந்தே பார்" என்றார். பஞ்சு காயத் தொடங்கும்போது மட்டும் ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் போதும்; தம்ளரின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. வெயில் நேரே பட்டால் கண்ணாடி சூடேறும் என்பதால், நிழலான யன்னலோரமே நல்லது.

மூன்றாம் நாள் காலையில், விதையின் தழும்பருகே தோல் வெடித்து, வெண்ணிற வேர் கண்ணாடியை ஒட்டிக் கீழே இறங்கியிருந்தது. பிறகு கொக்கிபோல் வளைந்த தண்டு, இரு வித்திலைகளையும் தூக்கிக்கொண்டு மேலெழுந்தது. அந்த வித்திலைகளில் உணவு இருப்பதால் அதுவரை உரம் தேவையில்லை. பச்சை இலைகள் விரிந்தபின், வேரில் ஒட்டிய பஞ்சைப் பிய்க்காமல், துளையிட்ட சாடியில் அப்படியே நட்டுவிடலாம்.