ஒருநாள் ஸ்குவாட் செய்தால் தொடைத் தசை எவ்வளவு வளரும்? ஒரு எளிய கணக்கு

நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் தசையில் உள்ள புரதம் தினமும் கொஞ்சம் உடைந்துகொண்டும், கொஞ்சம் புதிதாக உருவாகிக்கொண்டும் இருக்கிறது. உருவாவது உடைவதை மிஞ்சினால் தசை வளரும். பயிற்சி இந்த இரண்டையும் என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு தசையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: இருப்பு எவ்வளவு என்று பாருங்கள்

தொடையின் முன்பக்கத் தசைகள் ஒரு காலில் 1.5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தசையில் பெரும்பகுதி நீர்தான். புரதம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 300 கிராம். தசைப் புரதத்தில் ஒரு நாளைக்குச் சுமார் 1 முதல் 2 சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது. 1.2 சதவீதம் என்று எடுத்தால் தினமும் 3.6 கிராம் உருவாகிறது, 3.6 கிராம் உடைகிறது. சாப்பிட்ட பிறகு உருவாவது கூடும். வயிறு காலியாக இருக்கும்போது உடைவது மிஞ்சும். நாள் முடிவில் இரண்டும் சமம்.

படி 2: பயிற்சிக்குப் பின் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஸ்குவாட் முடித்த சில மணி நேரத்தில் புரத உருவாக்கம் நன்றாகவே ஏறுகிறது. புதிதாகத் தொடங்கியவர்களுக்கு அந்த ஏற்றம் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை நீடிக்கலாம். ஆனால் சிதைவும் கூடவே ஏறுகிறது, பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பயிற்சிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் இருந்தால், நஷ்டம் முன்பைவிடக் குறையுமே தவிர லாபமாக மாறாது. லாபமாக்குவது உணவிலிருந்து வரும் அமினோ அமிலங்கள்தான்.

படி 3: புரதத்தைப் பிரித்துச் சாப்பிடுங்கள்

உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் புரதம் என்பது தசை வளர்க்க விரும்புவோருக்கு நல்ல அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்கு 96 கிராம். அதை நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 24 கிராம். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்ற பதற்றம் வேண்டாம். புரதத்தை நன்றாகப் பயன்படுத்தும் நிலையில் தசை ஒரு நாளாவது இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

படி 4: இப்போது கூட்டிப் பாருங்கள்

ஒரு பயிற்சியால் நிகரமாக 1 கிராம் புரதம் தங்குகிறது என்று வைப்போம் (உங்கள் உடலில் இது கூடலாம், குறையலாம்). நீரையும் சேர்த்தால் அது 5 கிராம் தசை. 1,500 கிராமில் 5 கிராம் எந்த டேப்பிலும் தெரியாது. அதோடு அந்த ஏற்றம் இரண்டு நாளில் அடங்கிவிடும். திங்கள்கிழமை பயிற்சி செய்தால் புதன் மாலைக்குள் வரவும் செலவும் பழையபடி சமமாகிவிடும்.

ஆகவே வியாழக்கிழமை மறுபடியும் செய்யுங்கள். வாரம் இரண்டு முறை, 8 வாரத்தில் 16 பயிற்சி: 16 கிராம் புரதம், 80 கிராம் தசை, ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல். இது நடக்கக்கூடிய வளர்ச்சிதான். தினமும் செய்தால் லாபம் மூன்றரை மடங்காகுமா என்றால், ஆகாது. முந்தைய ஏற்றம் அடங்கும் முன்பே மறுபடி தூண்டுவதால் கூடுதலாகக் கிடைப்பது குறைவு, களைப்புதான் ஏறும்.

படி 5: முதல் மூன்று வாரத்தை நம்பி அளக்காதீர்கள்

பழகாத தசையில் முதல் சில பயிற்சிகளுக்குப் பின் புரத உருவாக்கம் மிக அதிகமாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு சேதமான இழைகளைச் சரிசெய்யப் போய்விடுகிறது. அப்போது தொடை பெருத்ததுபோலத் தெரிந்தால் அதில் வீக்கத்தின் பங்கும் உண்டு. தூக்கும் எடை கூடுவதற்கும் அந்தச் சமயத்தில் முக்கியக் காரணம் நரம்பு மண்டலம் பழகுவதுதான். சில வாரங்களில் சேதம் குறைந்துவிடும். அப்புறம்தான் உருவாகும் புரதத்தில் கணிசமான பங்கு வளர்ச்சிக்குப் போகிறது. வலி குறைந்ததும் “பயிற்சி வேலை செய்யவில்லை” என்று நினைத்துப் பலர் நிறுத்துவது சரியாக இந்தக் கட்டத்தில்தான். எனக்கு இதைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

முழங்காலுக்கு மேலே 15 செ.மீ. தூரத்தில் அளவெடுங்கள். எப்போதும் அதே இடத்தில், பயிற்சிக்கு மூன்று நாள் கழித்து, காலையில், மாதம் ஒருமுறை.

படி 6: தூண்டுதலைக் குறையவிடாதீர்கள்

ஒரே எடையை ஒரே எண்ணிக்கையில் செய்துகொண்டே இருந்தால் தசை அதற்குப் பழகிவிடும். 8 முதல் 12 ரெப் வீதம் மூன்று செட் செய்யுங்கள். ஒவ்வொரு செட்டையும், இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் ஒழுங்காக முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை எடையைக் கொஞ்சம் ஏற்றி 8-லிருந்து தொடங்குங்கள். 10 வாரம் கழித்தும் அளவு அசையவில்லை என்றால் நோட்டை எடுத்து முதலில் விடுபட்ட பயிற்சிகளை எண்ணுங்கள், அடுத்து எடை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அதன் பிறகு புரதக் கணக்குக்கு வாருங்கள்.