உயில் எழுதிய பிறகு மகளுக்குப் பணம் கொடுத்தால், உயிலில் உள்ள தொகை குறையுமா?

அப்பா 2016இல் உயில் எழுதுகிறார். மகளுக்கு ரூ.10 லட்சம், இளைய மகனுக்கு ரூ.10 லட்சம், வீடு மூத்த மகனுக்கு, மீதி எதுவானாலும் மனைவிக்கு. 2019இல் மகள் வீடு கட்டுகிறாள். அப்பா தன் வங்கிக் கணக்கிலிருந்து அவளுக்கு ரூ.8 லட்சம் அனுப்புகிறார். உயிலைத் தொடவில்லை. 2023இல் காலமாகிறார்.

பதினாறாம் நாள் முடிந்ததும் பேச்சு கிளம்பும். "உனக்குத்தான் எட்டு லட்சம் அப்பவே கொடுத்துட்டாரே, இன்னும் ரெண்டுதான் வரும்" என்று மூத்தவர் சொல்வார். கேட்பவர்களுக்கு அது நியாயமாகவும் படும். சட்டத்தின் பதில் வேறு: அவளுக்கு முழுப் பத்து லட்சமும் உண்டு.

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 179ஆம் பிரிவு சுருக்கமான ஒரு வாக்கியம். உயிலில் ஒருவருக்கு எழுதிய கொடை, பிறகு அவருக்கே வேறு வழியில் எதையாவது கொடுத்ததால் முழுதாகவோ பகுதியாகவோ அற்றுப்போகாது என்கிறது. சட்டமே அங்கே இரண்டு உதாரணங்களைத் தருகிறது. மகனுக்கு ரூ.20,000 என்று உயிலில் எழுதியவர் பின்னால் அதே ரூ.20,000ஐக் கையில் கொடுக்கிறார்; உயில் தொகை அப்படியே நிற்கும். இரண்டாவது, தான் வளர்த்த, பெற்றோர் இல்லாத சகோதரி அல்லது சகோதரன் மகளுக்கு ரூ.40,000 எழுதியவர், அவள் திருமணத்தின்போது ரூ.30,000 கொடுக்கிறார், அதுவும் குறையாது.

இணையத்தில் தேடினால் இதற்கு நேர்மாறான பதிலும் கிடைக்கும். இங்கிலாந்தில், பெற்றோர் பிள்ளைக்கு உயிலில் பங்கு எழுதிவிட்டுப் பின்னர் பெரிய தொகை கொடுத்தால், அது அந்தப் பங்கின் முன்பணம் என்று நீதிமன்றம் முதலில் ஊகித்துக்கொள்ளும். ஒரே பிள்ளைக்கு இரட்டைப் பங்கு கூடாது என்பது அங்குள்ள கொள்கை. நம் சட்டம் அந்த ஊகத்தை வேண்டாம் என்று ஒதுக்கியது. ஆகவே ஆங்கிலக் கட்டுரையைப் படித்துவிட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம்.

சரி, உங்கள் கையில் ஒரு உயிலும், அதற்குப் பிறகு கொடுத்த ஏதோ ஒன்றும் இருக்கின்றன. எப்படிப் பார்ப்பது?

முதல் படி: இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்துமா?

கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும். இந்து, சீக்கிய, பௌத்த, சமண உயில்களுக்கும் 57ஆம் பிரிவும் மூன்றாம் அட்டவணையும் வழியாகப் பொருந்தும். முஸ்லிம்களின் உயிலுக்கு இது வராது. அங்கே ஷரியத் விதிகள்தான்.

இரண்டாம் படி: உயிலில் கொடுத்தது 'தொகை'யா, 'பொருளா'?

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் போவோம். ஒரே பத்து லட்சத்தை மூன்று விதமாக எழுதலாம்.

"என் மகளுக்கு ரூ.10 லட்சம் கொடுக்கவும்." இது வெறும் தொகை. எந்தக் கணக்கிலிருந்து என்று சொல்லவில்லை. அப்பா உயிரோடு இருக்கும்போது மகளுக்கு எவ்வளவு கொடுத்திருந்தாலும் இது தேயாது.

"என் பெயரில் இன்ன வங்கியில் உள்ள ரூ.10 லட்சம் வைப்புத்தொகை என் மகளுக்கு." இங்கே கொடுக்கப்பட்டது தொகை அல்ல, அந்த வைப்புத்தொகை என்ற பொருள். 152ஆம் பிரிவின்படி, உயிலில் குறிப்பிட்டுக் கொடுத்த பொருள் இறக்கும்போது அவரிடம் இல்லையென்றால், அல்லது வேறு வகைச் சொத்தாக மாறிவிட்டால், அந்தக் கொடை அற்றுப்போகும். அப்பா அந்த டெபாசிட்டை உடைத்து அதிலிருந்துதான் எட்டு லட்சத்தை மகளுக்குக் கொடுத்தார் என்றால், உயிலின் வழியாக அவளுக்கு வர எதுவும் இல்லை. அவள் முன்பே வாங்கிக்கொண்டாள் என்பதல்ல காரணம். பொருள் இல்லை என்பதே காரணம். அதே டெபாசிட்டை மருத்துவச் செலவுக்காக உடைத்திருந்தாலும் இதே முடிவுதான், அப்போது அவள் கையில் எட்டு லட்சமும் இருந்திருக்காது. டெபாசிட் ரசீது எண்ணைக்கூட உயிலில் எழுதி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. டெபாசிட்டுக்குத் தவணை முடியும், புதுப்பிப்பார்கள், எண் மாறும். அது பழைய பொருள்தானா என்று பிள்ளைகள் வாதாட வேண்டியிருக்கும்.

"இன்ன வங்கியில் உள்ள என் வைப்புத்தொகையிலிருந்து என் மகளுக்கு ரூ.10 லட்சம் கொடுக்கவும்." சொல்லில் சிறிய மாற்றம்தான், விளைவில் பெரிய மாற்றம். இங்கே கொடுப்பது தொகை. முதலில் எங்கிருந்து எடுக்க வேண்டும் என்பதை மட்டும் காட்டியிருக்கிறார். 153ஆம் பிரிவின்படி, அந்த டெபாசிட் இல்லாமல் போனாலும் கொடை அற்றுப்போகாது. மற்றச் சொத்திலிருந்து கொடுக்க வேண்டும்.

நிலத்துக்கும் இதே யோசனைதான். உயிலில் இரண்டு ஏக்கரைச் சர்வே எண்ணோடு மகனுக்கு எழுதிவிட்டு, பின்னர் அதில் ஒரு ஏக்கரை அவனுக்கே தான செட்டில்மெண்ட் செய்து பதிந்து கொடுத்தால், உயில் வழியாக வருவது மிச்சமுள்ள ஒரு ஏக்கர். கொடுத்த ஏக்கருக்குப் பதிலாக வேறு இடத்தில் ஒரு ஏக்கர் கேட்க முடியாது. மாறாக, உயிலில் நிலம் எழுதிவிட்டுப் பின்னால் பணம் கொடுத்திருந்தால், அந்தப் பணத்துக்காக நிலத்தில் ஒரு சென்ட்கூடக் குறையாது.

மூன்றாம் படி: கொடுத்தது தானமா, கடனா?

கடன் என்றால் கதை வேறு. அது மகள் அப்பாவின் சொத்துக்குத் திருப்பித் தர வேண்டிய பாக்கி. கடன் பத்திரம், பிராமிசரி நோட்டு, வட்டி கட்டிய வரவு, குறைந்தது ஒரு கடிதம், இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். வங்கி வழியாகப் பணம் போனது என்ற ஒன்றே அதைக் கடனாக்கிவிடாது. அப்படி எழுத்து இருந்தால் அதன் தேதியையும் பாருங்கள், சாதாரணக் கைமாற்றுக் கடனுக்கு மூன்று வருடக் காலவரம்பு உண்டு.

நான்காம் படி: அப்பா எழுத்தில் ஏதாவது மாற்றினாரா?

"இதை உன் பங்கிலே கழிச்சுக்குவேன்" என்று அவர் சொன்னதை நாலு பேர் கேட்டிருக்கலாம். டைரியில் எழுதியிருக்கலாம். உயிலில் 10ஐ அடித்துவிட்டு 2 என்று தன் கையால் திருத்தியும் இருக்கலாம். இவை எதுவும் போதாது. உயிலில் பிறகு செய்யும் திருத்தமும் உயிலைப் போலவே கையெழுத்தும் சாட்சியும் பெற்றிருக்க வேண்டும் என்கிறது 71ஆம் பிரிவு. பழைய எழுத்தைப் படிக்கவே முடியாதபடி அழித்திருந்தால் மட்டும் அந்த அளவுக்கு அது பலிக்கும். அப்படி அழித்துவிட்டு மேலே '2' என்று எழுதியிருந்தால் இன்னும் சிக்கல்தான்.

ஐந்தாம் படி: கணக்குப் போடுவோம்

நம் உதாரணத்தில் அப்பா வெறும் தொகையாகத்தான் எழுதியிருந்தார். இறக்கும்போது வீடு நிற்கிறது, வங்கியில் ரூ.26 லட்சம். இறுதிச் சடங்கும் சில்லறைக் கடனும் ஒரு லட்சம் போக 25. மகளுக்கு 10, இளையவருக்கு 10, மீதி 5 அம்மாவுக்கு. மூத்தவர் சொன்ன கணக்குப்படி மகளுக்கு 2 என்றால் அம்மாவுக்கு 13 வந்திருக்கும். கவனித்தீர்களா, மூத்தவருக்கு எந்த வழியிலும் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. 2019இல் கொடுத்த எட்டு லட்சம் உண்மையில் அம்மாவின் 'மீதி'யிலிருந்துதான் போயிருக்கிறது. 'மீதி எல்லாம் மனைவிக்கு' என்று எழுதுகிறவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இப்போது வங்கியில் ரூ.13 லட்சம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செலவு போக 12. கொடுக்க வேண்டியதோ 20. 327ஆம் பிரிவுப்படி, பணம் போதாதபோது இப்படிப்பட்ட வெறும் தொகைக் கொடைகள் எல்லாம் ஒரே விகிதத்தில் குறையும். ஆளுக்கு 6 லட்சம். அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. வீடு குறிப்பிட்டுக் கொடுத்த சொத்து என்பதால் அதை விற்று இவர்களுக்கு நிரப்ப முடியாது. ஆக மகள் கைக்கு வந்தது மொத்தம் 14, இளையவருக்கு 6. முன்பே வாங்கியவள் என்பதால் அவளுக்கு மட்டும் குறைக்கவும் வழியில்லை. இளையவருக்கு வயிறு எரியும். எனக்கும் இது சரியாகப் படவில்லை, ஆனால் சமமாக்கும் வேலையை இந்தப் பிரிவு தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. அது அப்பா செய்திருக்க வேண்டிய வேலை.

ஆறாம் படி: நீங்கள்தான் கொடுக்கிறவர் என்றால்

கொடுத்த தொகையைக் கழிக்க வேண்டும் என்று நினைத்தால், அதே வாரத்தில் ஒரு கோடிசில், அதாவது இணைப்பு உயில், எழுதுங்கள். நீளமாக வேண்டியதில்லை:

"20-03-2016 அன்று நான் எழுதிய உயிலின் 4ஆம் பத்தியில் என் மகளுக்கு ரூ.10,00,000 கொடுக்கும்படி எழுதியிருக்கிறேன். 12-06-2019 அன்று அவளுக்கு ரூ.8,00,000 கொடுத்துவிட்டேன். ஆகவே அந்தத் தொகையை ரூ.2,00,000 எனத் திருத்துகிறேன். உயிலின் மற்றப் பகுதிகள் மாற்றமின்றி நிற்கும்."

இதில் முக்கியமான வாக்கியம் மூன்றாவது. எட்டு லட்சம் கொடுத்தேன் என்று மட்டும் எழுதிவிட்டுப் புதுத் தொகையைச் சொல்லாமல் விட்டால், 179ஆம் பிரிவைக் காட்டி மகள் தரப்பு பத்தும் கேட்கும். கீழே நீங்கள் கையெழுத்திட வேண்டும்; குறைந்தது இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்திட்டதைப் பார்த்தோ உங்கள் வாயால் ஒப்புக்கொள்ளக் கேட்டோ, உங்கள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனால் முதல் உயிலைப் பதிந்திருந்தால் இதையும் பதிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் இது போலி என்ற பேச்சு வரும்.

"உயிரோடு இருக்கும்போது நான் யாருக்கு எது கொடுத்தாலும் கழித்துக்கொள்ளவும்" என்று முதல் உயிலிலேயே ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தீபாவளிக்குக் கொடுத்த ஐயாயிரமும் அதில் சேருமா, பேரன் படிப்புச் செலவு சேருமா என்று பிறகு பட்டியல் போட்டு அடித்துக்கொள்வார்கள். கோடிசில்தான் சுத்தம்.

இன்னொரு குறுக்கு வழியும் நடக்கிறது. பணம் கொடுக்கும்போதே, "என் பங்கை வாங்கிக்கொண்டேன், இனி உரிமை கோர மாட்டேன்" என்று மகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்குவது. அப்பா இருக்கும்வரை உயிலின் மேல் அவளுக்கு இருப்பது வெறும் எதிர்பார்ப்பு. அதைக் கைமாற்ற முடியாது என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. பணமும் வாங்கிக்கொண்டு எழுதியும் கொடுத்தவர் பிறகு பின்வாங்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் தடுத்த வழக்குகள் உண்டு. ஆனால் அதற்கு வழக்கு நடத்த வேண்டும். அப்பா இறந்த பிறகு அவள் தானாகவே, "எனக்கு இரண்டு லட்சம் போதும், மற்றது அம்மாவுக்கு" என்று விட்டுக்கொடுத்தால் அதற்குத் தடை இல்லை. அப்போது அவள் விடுவது எதிர்பார்ப்பு அல்ல, கையில் வந்துவிட்ட உரிமை. அதை எல்லோரும் கையெழுத்திட்ட எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.