‘ஹூ புரோக் இட்?’ கேள்வியில் டிட் ஏன் வருவதில்லை?

மார்த்தாண்டம் பக்கம் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்சிங் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். ஸ்பெல்லிங், உச்சரிப்பு, ‘எஸ்’ விட்டுப்போவது இதையெல்லாம் இங்கே எடுக்கவில்லை. அவை பழகப் பழகப் பெரும்பாலும் சரியாகிவிடும். கேள்வி கேட்கும்போது வரும் சில தவறுகள் அப்படிச் சரியாவதில்லை. ஒவ்வொரு புது பேட்ச்சும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறது.

‘ஹூ டிட் புரோக் இட்?’

டிட் வந்தால் அதன்பின் ‘பிரேக்’தான் வரும். இந்தக் கேள்விக்கு டிட்டே வேண்டாம்.

கேள்வியைத் தலைகீழாகக் கேட்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இந்தத் தவறில்தான். மேலே சொன்னது காதில் விழுந்ததுமே தப்பு என்று தெரிந்துவிடும், கேட்பவரும் புரிந்துகொள்வார். இதிலோ இலக்கணம் துளியும் பிசகாது, கேள்விதான் வேறாகிவிடும். அதனால் பேசியவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

வகுப்பில் ஷிப்ட் மாறும்போது பொறுப்பு ஒப்படைக்கும் பயிற்சி நடந்தது. இரவு டியூட்டி நர்ஸாக ஒரு பெண், காலை டியூட்டிக்கு இன்னொரு பெண். நோயாளியின் இன்சுலின் அளவு இரவில் போனில் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றச் சொன்ன டாக்டர் யார் என்பது சார்ட்டில் ஏற வேண்டும். காலை நர்ஸ் கேட்க நினைத்தது, “யார் உங்ககிட்ட சொன்னாங்க?” கேட்டது, “ஹூ டிட் யூ டெல்?” அதற்கு அர்த்தம், “நீங்க யார்கிட்ட சொன்னீங்க?” இரவு நர்ஸும் கேட்டதற்குச் சரியாகவே, தான் தகவல் சொன்ன சீனியர் சிஸ்டரின் பெயரைச் சொன்னாள். காலை நர்ஸ் அந்தப் பெயரை எழுதிக்கொண்டாள். டாக்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டர் பெயர். இரண்டு பேரும் தயங்கவில்லை, சுற்றி இருந்தவர்களுக்கும் எதுவும் உறுத்தவில்லை. பயிற்சி என்பதால் நிறுத்த முடிந்தது.

இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நாம் ‘யார் – உங்ககிட்ட – சொன்னாங்க’ என்ற வரிசையில் யோசிக்கிறோம். அதை அப்படியே அடுக்கினால் ‘ஹூ – யூ – டோல்ட்’. ‘கேள்வி என்றால் டிட் போடு’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது அப்போது நினைவுக்கு வருகிறது. டிட்டைச் செருகினால் ‘ஹூ டிட் யூ டெல்?’ பார்வைக்கு அழகான வாக்கியம், ஆனால் சொன்னவரும் கேட்டவரும் இடம் மாறிவிட்டார்கள்.

தமிழில் சொற்களை எப்படி மாற்றி வைத்தாலும் குழப்பம் வராது. ‘உங்ககிட்ட யார் சொன்னாங்க’, ‘யார் சொன்னாங்க உங்ககிட்ட’ எல்லாம் ஒன்றுதான். யார் செய்தது, யாரிடம் செய்தது என்பதை வேற்றுமை உருபு காட்டிவிடுகிறது. இன்றைய ஆங்கிலப் பேச்சில் ‘ஹூ’ இரண்டு வேலைக்கும் ஒரே உருவில்தான் வரும். இடத்தை வைத்துத்தான் ஆள் தெரியும்.

இப்போது டிட் எதற்காக வருகிறது என்று பார்ப்போம். ‘யூ டோல்ட் மீனா’ என்ற வாக்கியத்தில் ‘மீனா’தான் தெரியாத ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் ஹூ வைத்து, அதை முன்னால் கொண்டுவருகிறோம். இப்படி வேறோர் இடத்திலிருந்து கேள்விச்சொல் முன்னால் வந்தால், அதற்கு அடுத்து, எழுவாயான ‘யூ’வுக்கு முன்னால், ஒரு துணைவினை நின்றாக வேண்டும். இந்த வாக்கியத்தில் கேன், வில், ஈஸ் போல எதுவும் இல்லை. அந்தக் காலியிடத்துக்குத்தான் டிட் வருகிறது. வரும்போது ‘டோல்ட்’டில் இருந்த இறந்தகாலத்தையும் எடுத்துக்கொள்வதால் ‘டெல்’ மிஞ்சுகிறது. ‘ஹூ டிட் யூ டெல்?’

இனி ‘மீனா டோல்ட் யூ’. இங்கேயும் மீனா தெரியாத ஆள். அந்த இடத்தில் ஹூ வைத்தால் ‘ஹூ டோல்ட் யூ?’ அவ்வளவுதான், கேள்வி முடிந்தது. ஹூ முதலிலேயே முன்னால் இருக்கிறது, எதுவும் நகரவில்லை, காலத்தை ‘டோல்ட்’டே வைத்திருக்கிறது. டிட்டுக்கு வேலை இல்லை. ‘ஹூ புரோக் இட்?’, ‘வாட் ஹேப்பன்ட்?’ எல்லாம் இந்த வகைதான். தெரியாதது எழுவாய் என்றால் டிட் கிடையாது.

பேசும்போது இதைச் சோதிக்க, பதிலை முழு வாக்கியமாக மனதில் சொல்லிப் பாருங்கள். தேடும் ஆள் அந்த ஆங்கில வாக்கியத்தில் வினைக்கு முன்னால் வந்தால் டிட் வேண்டாம். பின்னால் வந்தால் டிட் வேண்டும். இதே சோதனை ‘விச்’, ‘ஹவ் மெனி’ இரண்டுக்கும் பொருந்தும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று ‘விச் பஸ் கோஸ் டு தக்கலை?’ என்று கேட்கிறோம், போவது பஸ். ‘விச் பஸ் டிட் யூ டேக்?’ என்றால் ஏறியது நீங்கள். ‘ஹவ் மெனி பேஷன்ட்ஸ் கேம்?’, ‘ஹவ் மெனி பேஷன்ட்ஸ் டிட் யூ சீ?’ இரண்டும் இப்படித்தான்.

தவறு நடந்துவிட்டதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ‘ஹூ டோல்ட் யூ?’ என்று கேட்டால் பதில் ‘மீனா’ என்றோ ‘மீனா டிட்’ என்றோ வரும். பதில் ‘ஐ டோல்ட்…’ என்று ஆரம்பித்தால் கேள்வி புரண்டுவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்றிக் கேளுங்கள். அப்புறம், அந்த ‘மீனா டிட்’ என்ற பதிலைக் கேட்டுவிட்டு, கேள்வியிலும் டிட் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைகள் உண்டு. பதிலில் வரும் டிட், ‘டோல்ட் மீ’ என்பதைத் திரும்பச் சொல்லாமல் இருக்க வருவது. கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உருபை மட்டும் நம்புவது

‘யாரை, யாரிடம் என்று வந்தால் டிட், வெறும் யார் என்றால் டிட் இல்லை’ என்று சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாதி தூரம் உதவும். ‘யாருக்குத் தெரியும்?’ என்ற கேள்வியை எடுங்கள். ‘கு’ உருபு இருக்கிறது, அதனால் டூ போட்டு ‘ஹூ டூ நோ?’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் தெரிந்தவர்தான் எழுவாய், ஆகவே ‘ஹூ நோஸ்?’ ‘யாருக்கு வேணும்?’ என்பதும் ‘ஹூ வான்ட்ஸ் இட்?’தான். எத்தனை பேர் கை தூக்குவார்கள் என்று தெரியாவிட்டாலும் ஹூவுக்குப் பின்னால் பொதுவாக ஒருமை வினைதான் வரும் என்பதையும் இங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

‘என்ன’ இன்னும் சிக்கல். ‘என்ன விழுந்தது?’, ‘என்ன வாங்கினே?’ இரண்டிலும் உருபே இல்லை. இரண்டாவதில் ‘நீ’ சொல்லாமலே வினைக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த ‘யூ’வை வெளியே எடுத்தால்தான் ‘வாட் டிட் யூ பை?’ அமையும். முதலாவது ‘வாட் ஃபெல்?’ அதனால்தான் ஆங்கிலப் பதிலை வைத்துச் சோதிக்கச் சொல்கிறேன்.

‘ஹூ யூ டோல்ட்?’

டிட்டை விழுங்காதீர்கள். கேட்பவர் இரண்டு பக்கமும் அர்த்தம் எடுப்பார்.

‘ஹூ நாட் கம்?’

டிட் வேண்டாம் என்று படித்த வேகத்தில் இதைச் சொல்வார்கள். ‘நாட்’ வந்துவிட்டால் டிட் திரும்பி வரும், எழுவாயைத் தேடும் கேள்வியிலும்கூட. ‘நாட்’ நிற்க ஒரு துணைவினை வேண்டும். ‘ஹூ டிடின்ட் கம்?’, ‘ஹூ டிடின்ட் டேக் த டேப்லட்?’ இதைப் பார்த்து ‘நாட்’ இல்லாத கேள்விக்கும் டிட் போடக் கூடாது. ‘ஹூ டிட் டேக் இட்?’ என்று ஆங்கிலேயர் சொல்வதும் உண்டு. ‘அவன் எடுக்கலைன்னா, அப்போ யாருதான் எடுத்தா?’ என்று அழுத்திக் கேட்கும்போது, டிட்டில் குரலை ஏற்றிச் சொல்வார்கள். வார்டில் சாதாரணமாகக் கேட்கப் போய் அப்படிச் சொன்னால், எதிரே நிற்பவர் தன்மேல் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.